கண்ணில்லாதவன் கேட்கக்கூடிய கேள்வி

ஆரணியில் பட்டுப்புடவை எடுக்க வருபவர்கள் செய்யும் ஒரு காரியம் உண்டு. கடைக்குள் விரித்துக் காட்டிய புடவையை அப்படியே கையில் அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்து வெயிலில் பார்ப்பார்கள். “உள்ள மாம்பழக் கலரா இருந்துச்சு, வெளிய வந்தா மஞ்சளா அடிக்குதே!” என்பார்கள். கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். டியூப்லைட் ஒன்றைச் சொல்லும், வெயில் வேறொன்றைச் சொல்லும் என்று அவருக்கும் தெரியும். பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்த மயில்கழுத்துப் புடவையை இந்தப் பக்கம் சாய்த்தால் நீலம், அந்தப் பக்கம் சாய்த்தால் பச்சை. நிறம் என்பது அவ்வளவு நம்பகமான சாட்சி இல்லை என்பது இந்த ஊருக்குப் பாடமாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனாலும் நிறம் பொய்யில்லை. இதை ஒரு கற்பனையால் சொல்லிப் பார்க்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் சாயப்பட்டறையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நிறம் என்று ஒன்று இருப்பதாக எல்லாரும் சொல்கிறார்கள். அவருக்குச் சந்தேகம். தொட்டால் எல்லா நூலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. எல்லாரும் சேர்ந்து தன்னை ஏமாற்றுகிறார்களோ?

அவர் கண்டுபிடித்துவிடலாம். பத்து சிட்டம் நூலை எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொன்றிலும் உள்ளே, யாருக்கும் தெரியாதபடி, ஒன்று, இரண்டு, மூன்று என்று முடிச்சுப் போடுகிறார். ஒருவரைக் கூப்பிட்டு ஒவ்வொரு சிட்டமாக நீட்டி நிறம் கேட்டு மனதில் வைத்துக்கொள்கிறார். பிறகு கலைத்துவிட்டு, முதலாமவரைச் சந்திக்க வாய்ப்பே இல்லாத இன்னொருவரைக் கூப்பிட்டுக் கேட்கிறார். இருவரும் மூன்று முடிச்சு சிட்டத்தை அரக்கு என்றும் ஏழு முடிச்சு சிட்டத்தைப் பச்சை என்றும் சொன்னால், இவர்களுக்கு எட்டுகிற ஏதோ ஒன்று தனக்கு எட்டவில்லை என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். நிறம் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஒருநாளும் தெரியாது. நிறம் இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

இந்தக் கட்டுரை முழுவதும் இந்தப் பார்வையற்றவரை நம்மோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். ஏனென்றால் மனித உடலைச் சுற்றி ஒளிவட்டம் இருக்கிறது, அதை ‘ஆரா’ என்பார்கள், அதன் நிறத்தைப் பார்த்து ஆளைச் சொல்லலாம் என்று சொல்பவர்களிடம் நாம் சந்தேகம் கேட்டால், கடைசியாக வரும் பதில் இதுதான்: “எனக்குத் தெரியுது. உங்களுக்கு அந்தக் கண்ணு இன்னும் திறக்கல. குருடன்கிட்ட போய் நிறத்தை எப்படி விளக்குறது?” கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். மூடத் தேவையில்லை. குருடனுக்கு நிறத்தை விளக்க முடியாது, சரி. நிரூபிக்க முடியும்.

இன்று நாம் ‘ஆரா’ என்று சொல்லும்போது மனதில் வரும் படம், முட்டை வடிவத்தில் உடலைச் சுற்றிய பலநிற மேகம், பெருமளவு சென்னை அடையாறோடு தொடர்புடையது. 1875இல் நியூயார்க்கில் தொடங்கிய பிரம்மஞான சபை 1882இல் தன் தலைமையகத்தை அடையாறுக்குக் கொண்டுவந்தது. அந்தச் சபையில் ஆராவைப் பற்றி அதிகம் எழுதியவர் சார்லஸ் லெட்பீட்டர். 1902இல் வந்த அவருடைய புத்தகத்தில் வண்ணப்படங்களோடு ஒரு அட்டவணையே உண்டு. பளிச்சென்ற சிவப்பு கோபம், ரோஜா நிறம் அன்பு, மஞ்சள் அறிவு, நீலம் பக்தி, சாம்பல் கலந்த பச்சை வஞ்சகம். ஸ்தூல உடலுக்கு மேல் ஈதர் உடல், உணர்ச்சி உடல், மன உடல், காரண உடல் என்று அடுக்கடுக்காக உண்டு, ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிகிறது என்றார்.

அடுக்குகள் நமக்குப் புதிதில்லை. தைத்திரீய உபநிடதம் அன்னமயம், பிராணமயம், மனோமயம், விஞ்ஞானமயம், ஆனந்தமயம் என்று ஐந்தைச் சொல்கிறது. வேதாந்தம் ஸ்தூல, சூட்சும, காரண சரீரங்கள் என்று மூன்றாக்கியது. திருமூலர் ஆதாரங்களைப் பாடினார். லெட்பீட்டர் காலத்தவர்கள் செய்தது, இவற்றை எடுத்து ஓர் இயற்கை விஞ்ஞானத்தின் நடையில் எழுதியது. “இப்படி தியானி” என்று இருந்த இடத்தில் “இப்படி இருக்கிறது, நான் பார்த்தேன்” என்று எழுதினார்கள். இந்த ஒரு மாற்றம் சின்னது போலத் தோன்றும். அது எவ்வளவு பெரியது என்பதை ஒரே ஒரு சக்கரத்தை எடுத்துப் பார்த்தால் புரியும்.

இதயத்தில் இருக்கும் அநாகதம். 1577இல் வங்காளத்துப் பூர்ணானந்தர் எழுதிய ‘ஷட்சக்ர நிரூபணம்’ இதற்குப் பன்னிரண்டு இதழ்களைச் சொல்லி, அவற்றுக்குப் பந்தூக மலரின் சிவப்பைக் கொடுக்கிறது. 1919இல் ஜான் உட்ராஃப் இதை ஆங்கிலத்தில் கொண்டுவந்த பிறகுதான் உலகம் முழுவதும் சக்கரம் என்ற சொல் பரவியது. 1927இல் சக்கரங்களைப் பற்றித் தனிப் புத்தகம் எழுதிய லெட்பீட்டர், தான் நேரில் பார்த்ததாகச் சொன்ன இதயச் சக்கரம் பொன்னிறம். இன்று யோகா வகுப்பின் சுவரில் மாட்டியிருக்கும் படத்தில் அதே சக்கரம் பச்சை. மூலாதாரம் சிவப்பில் தொடங்கி உச்சி ஊதாவில் முடியும் அந்த வானவில் வரிசை 1970களில் மேற்கில் பரவியது. பழைய நூல்களில் அப்படியொரு வரிசை இல்லை.

சிவப்பு, பொன், பச்சை. பார்வையற்றவர் ஒரே சிட்டத்தை மூன்று பேரிடம் நீட்டியிருக்கிறார், மூன்று பேரும் மூன்று நிறம் சொல்லியிருக்கிறார்கள்.

நிறத்தோடு நிற்கவில்லை. நூலில் இரண்டாவது சக்கரம் சுவாதிஷ்டானம், பிறப்புறுப்புக்கு அருகில் இருப்பது. லெட்பீட்டர் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மண்ணீரல் சக்கரம் ஒன்றை வைத்தார். இரண்டு பேர் ஒரே வீட்டைப் பார்த்துவிட்டு வந்து, ஒருவர் சமையலறை என்று சொன்ன இடத்தில் மற்றவர் மாட்டுக்கொட்டகை என்று சொன்னால், நாம் என்ன நினைப்போம்?

இங்கே பூர்ணானந்தரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். அவர் இந்த இதழில் இந்த எழுத்தை வை, இந்த நிறத்தை நினை, இந்தத் தேவதையை அமர்த்து என்று சாதகனுக்கு வழி சொல்கிறார். தந்திர நூல்களில் சக்கரங்களின் எண்ணிக்கையே ஒன்றுபோல் இல்லை. ஐந்து சொல்லும் மரபும் உண்டு, ஆறு சொல்லும் மரபும் உண்டு. தியானத்துக்கான வழிமுறை என்று எடுத்துக்கொண்டால் அதில் முரண்பாடு இல்லை. ஒருவர் வீட்டு வாசலில் ஒரு கோலம், இன்னொருவர் வீட்டு வாசலில் இன்னொரு கோலம். கோலம் தவறாக முடியாது. ஆனால் “இது கோலம் இல்லை, நிலத்தின் வரைபடம்” என்று சொன்ன அந்த நிமிடத்தில் அது தவறாகக்கூடிய ஒன்றாகிவிடுகிறது. லெட்பீட்டர் அந்த ஆபத்தை ஏற்றுக்கொண்டார். அதற்கான கேள்வியையும் அவர் ஏற்க வேண்டும்.

நம்புகிறவர்கள் அடுத்து எடுப்பது கருவிகளை. “ரிஷி சொன்னா நம்ப மாட்டீங்க, மெஷின் சொன்னா நம்புவீங்கல்ல?” என்பார்கள்.

முதல் கருவி ஒரு சாயம். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் மின்சிகிச்சைப் பிரிவில் இருந்த மருத்துவர் வால்டர் கில்னர், 1911இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். டைசயனின் என்ற சாயக் கரைசலை இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் அடைத்து, அதன் வழியாக வெளிச்சத்தைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, பிறகு மங்கலான அறையில் கருப்புத் திரைக்கு முன் நிற்கும் மனிதரைப் பார்த்தால், உடலைச் சுற்றி மெல்லிய பனிபோல ஒன்று தெரிகிறது என்றார். கில்னர் தன்னை ஞானதிருஷ்டிக்காரர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. பயிற்சி எடுத்தால் பலருக்கும் தெரியும் என்றார். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் நமக்கும் தெரியும்.

ஒரு சிவப்பு நூல்கட்டை அரை நிமிடம் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். சுவரில் நீலப்பச்சையாக ஒரு நிழல் மிதக்கும். சிவப்புக்கு வேலை செய்த கண்ணின் செல்கள் களைத்துப்போனதால் மற்றவை மேலோங்குகின்றன. அதேபோல, இருட்டும் வெளிச்சமும் சந்திக்கும் விளிம்பில் கண் தானாகவே ஒரு கோட்டை அழுத்தி வரைகிறது. உருவங்களின் ஓரத்தைப் பிரித்தறிய அதற்கு அந்தப் பழக்கம் தேவை. களைத்த கண், மங்கல் வெளிச்சம், அசையாத ஆள், ஒரே நிறப் பின்னணி. ஆரா பார்க்கக் கற்றுத்தரும் பயிற்சிகள் பெரும்பாலும் கேட்பது இந்த நான்கையும்தான்.

இதைப் பிரித்துப் பார்ப்பதும் எளிது. பார்வையைச் சற்றே நகர்த்துங்கள். வெளியே இருப்பது என்றால் ஆளோடு நிற்க வேண்டும், கண்ணில் இருப்பது என்றால் பார்வையோடு நகரும். ஆளுக்குச் சட்டையை மாற்றிப் போடச் சொல்லுங்கள். சட்டை நிறத்துக்கு எதிர்நிறமாக ஒளிவட்டமும் மாறினால் அது குணத்தின் நிறம் இல்லை. கடைசியாக, ஆளுக்குப் பதில் அதே உருவத்தில் வெட்டிய அட்டையை நிறுத்துங்கள். அட்டைக்கும் ஆரா வரும்.

இரண்டாவது கருவி கிர்லியன் புகைப்படம். சோவியத் நாட்டின் கிராஸ்னதாரில் 1939இல் செம்யோன் கிர்லியன் கண்டது இது. உலோகத் தட்டின் மேல் படச்சுருள், அதன் மேல் விரல், தட்டுக்கு உயர் மின்னழுத்தம். விரலைச் சுற்றிக் காற்று அயனியாகி நீல மின்னொளி வீசும், படத்தில் பதியும். உயர் அழுத்த மின்கம்பிகளில் மழைநாளில் தெரியும் மினுமினுப்பும் இதே இனம்தான். மனநிலைக்கு ஏற்ப இது மாறுகிறது என்று சொன்னார்கள். மாறத்தான் செய்கிறது. பதற்றமான ஆளுக்கு விரல் வியர்க்கும். 1976இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளிவந்த ஆய்வு, இந்தப் படங்களின் பெரும்பாலான மாறுதல்களுக்குக் காரணம் ஈரப்பதம் என்று காட்டியது. ஒரு நாணயத்தை வைத்தாலும் ஒளிவட்டம் அழகாக விழும். நாணயத்துக்குக் காரண சரீரம் உண்டென்று யாரும் சொல்லவில்லை.

கருவிகள் கைவிட்டால் மிச்சம் இருப்பது மூன்றாவது சான்று, விளைவு. “பார்த்துச் சொன்னார், நடந்துச்சு.” இந்தச் சான்றுக்கு அடையாறு கடற்கரையில் நடந்ததைவிடப் பெரிய உதாரணம் கிடையாது.

1909. சபையில் வேலை பார்த்த ஜிட்டு நாராயணையா, மனைவியை இழந்தவர், பிள்ளைகளோடு சபை எல்லைக்கு வெளியே ஒரு சிறு வீட்டில் குடியிருந்தார். கடற்கரைக்கு விளையாட வந்த அவருடைய மகனைப் பார்த்த லெட்பீட்டர், தான் கண்டதிலேயே அற்புதமான ஆரா இந்தப் பையனுக்கு இருக்கிறது, அதில் சுயநலத்தின் துகள்கூட இல்லை என்று தன் உதவியாளர் எர்னஸ்ட் வுட்டிடம் சொன்னார். வுட்டுக்கு ஆச்சரியம். அவர் அந்தப் பையனுக்குப் பாடத்தில் உதவியிருக்கிறார். மந்தமான பையன் என்பது அவர் கணிப்பு. பதினான்கு வயதுப் பையனின் பெயர் கிருஷ்ணமூர்த்தி. உலக குரு இறங்கப்போகும் உடல் இதுதான் என்று சபைத் தலைவர் அன்னி பெசன்ட் ஏற்றுக்கொண்டார்.

பிறகு ஜே. கிருஷ்ணமூர்த்தி உலகம் அறிந்த சிந்தனையாளர் ஆனார். மந்தம் என்று வாத்தியார் சொன்ன பையனிடம் எதையோ லெட்பீட்டர் பார்த்துவிட்டாரே, இதற்கு என்ன பதில்?

நியாயமான கேள்வி. பதில் சொல்லும்முன் பார்வையற்றவரிடம் திரும்பிப் போவோம். அவர் ஒரு சிட்டத்தை மட்டும் நீட்டிச் சோதிக்கவில்லை. பத்தை நீட்டினார், எல்லாப் பதிலையும் எண்ணினார். லெட்பீட்டரின் மற்ற பதில்களையும் எண்ண வேண்டும். கிருஷ்ணமூர்த்திக்கு முன்பே ஹ்யூபர்ட் வான் ஹூக் என்ற அமெரிக்கச் சிறுவனை அவர் இதே பாத்திரத்துக்குத் தேர்ந்திருந்தார். 1909 இறுதியில் அந்தச் சிறுவன் தாயோடு அடையாறு வந்து சேர்ந்தபோது அந்த இடம் போய்விட்டிருந்தது. அவனுடைய ஆராவை இன்று யாரும் சான்றாக எடுப்பதில்லை. கிருஷ்ணமூர்த்தி விஷயத்திலும் சொன்னது என்ன, நடந்தது என்ன? உலக குரு வருவார் என்றார்கள். அவரோ 1929 ஆகஸ்டில் ஹாலந்தின் ஓமனில், தனக்காக உருவாக்கிய அமைப்பையே கலைத்துவிட்டார். பெரிய மனிதர் ஆனார் என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, சொன்னது பலித்தது என்றால், பதினான்கு வயதிலிருந்து ஆசிரியர்கள், இங்கிலாந்து, மேடைகள், ஆயிரக்கணக்கான கேட்பவர்கள் என்று கொடுக்கப்பட்டதை எந்தக் கணக்கில் வைப்பது? சாயம் தோய்த்த பிறகு, நூல் முதலிலிருந்தே சிவப்பு என்று சொல்ல முடியாது.

அப்படியானால் ஒழுங்கான சோதனை எது? உளவியலாளர் சார்லஸ் டார்ட் 1970களின் தொடக்கத்தில் சொன்ன யோசனை மிக எளியது. ஆரா உடலைத் தாண்டிச் சில அங்குலம் நீள்கிறது என்கிறீர்கள். சரி, ஒருவர் வாசல் நிலைக்குப் பின்னால் சுவரோரம் ஒட்டி நிற்கட்டும், உடல் தெரியக்கூடாது, ஆரா மட்டும் வாசலுக்குள் எட்டிப் பார்க்கும் தூரம். அல்லது அவர் தள்ளி, ஆராவும் எட்டாத இடத்தில் நிற்கட்டும். எங்கே நிற்பது என்பதை ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி முடிவு செய்யட்டும். பார்க்கிறவர் “இருக்கு”, “இல்ல” என்று எழுதட்டும்.

நம் வீட்டிலேயே செய்யலாம். இருபது முறை செய்தால் குருட்டாம்போக்கில் பத்து சரியாக வரும். பன்னிரண்டு, பதிமூன்று வந்தால் மகிழ்ந்துவிடக் கூடாது, அது சாதாரணமாகவே வரும். பதினைந்தோ அதற்கு மேலோ வருவது தற்செயலாக ஐம்பதில் ஒருமுறைதான் நடக்கும், அப்போது உட்கார்ந்து யோசிக்கலாம், மறுபடி செய்யலாம். காலடிச் சத்தம், நிழல், சுண்டுகிறவரின் முகம் மூன்றையும் மறைத்துவிட வேண்டும், தோற்றுப்போகும் சோதனைகளைவிட இவற்றால் ஜெயித்துவிடும் சோதனைகள்தான் அதிகம் குழப்பும். இதற்கு உறவான ஒரு சோதனையை 1998இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழ் வெளியிட்டது. நோயாளியின் ஆற்றல் புலத்தைக் கையால் உணர்கிறோம் என்ற 21 பேர், திரைக்கு அப்பால் கையை நீட்டி, தங்கள் எந்தக் கைக்கு மேல் இன்னொருவர் கை இருக்கிறது என்று சொல்ல வேண்டும். 280 முறையில் 44 சதவீதம் சரி. நாணயம் இதைவிடக் கொஞ்சம் நன்றாகச் செய்திருக்கும். சோதனையை வடிவமைத்தது எமிலி ரோசா என்ற பள்ளிச் சிறுமி. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, ஆரா தெரிகிறது என்பவர்கள் எல்லாம் பித்தலாட்டக்காரர்கள் என்று முடித்தால் அது அநியாயம். எழுத்தைப் பார்த்தால் நிறம் தெரிபவர்கள், இசையைக் கேட்டால் நிறம் தெரிபவர்கள் இருக்கிறார்கள். புலன்கள் கலக்கும் இந்த இயல்பை சினஸ்தீசியா என்பார்கள். ஜேமி வார்ட் என்ற உளவியலாளர் 2004இல் பதிவுசெய்த ஒருவருக்கு, நெருங்கிய மனிதர்களின் பெயரும் உணர்ச்சி ஏற்றும் சொற்களும் நிறமாகத் தெரிந்தன. அப்படி ஒருவர் நம் ஊரில் பிறந்தால், “அந்த அக்காவைப் பார்த்தா ஊதாவா தெரியுது” என்று சொன்னால், அது பொய் இல்லை. அந்த ஊதா அக்காவைச் சுற்றி இல்லை, பார்க்கிறவருக்கும் அக்காவுக்கும் நடுவில் உள்ள உறவில் இருக்கிறது. அவரை நம்பலாம், ஆனால் அவர் சொல்வது அக்காவைப் பற்றிய செய்தி இல்லை, அவரைப் பற்றிய செய்தி.

இந்த வித்தியாசத்தைப் பிடிவாதமாகப் பிடித்துக்கொள்வதற்கு எனக்குள்ள காரணம் அறிவியல் மட்டும் இல்லை. லெட்பீட்டரின் 1902 புத்தகத்துக்கே திரும்புகிறேன். அதில் காட்டுமிராண்டி மனிதனின் உடல், சாதாரண மனிதனின் உடல், முன்னேறிய மனிதனின் உடல் என்று வரிசையாக வண்ணப்படங்கள் இருக்கின்றன. முதலாவது அழுக்கு நிறங்களின் சேறு. கடைசி ஒளிமயம். ஒரு வெள்ளைக்கார சாம்ராஜ்யத்தின் உச்சத்தில், மனிதர்களை மேல் கீழ் என்று அடுக்கும் பழக்கம், இங்கே ‘பார்த்தேன்’ என்ற சொல்லோடு வருகிறது. நிறம் பார்த்து ஆளை எடைபோடுவதைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். தோலின் நிறத்தையாவது எல்லாரும் பார்க்க முடியும், அதை வைத்துச் சொல்லும் பொய்யோடு சண்டையாவது போட முடியும். ஒருவருக்கு மட்டும் தெரியும் நிறத்தோடு எப்படிச் சண்டை போடுவது? “உன்கிட்ட சாம்பல் பச்சை இருக்கு” என்று ஒருவர் சொல்லிவிட்டால், நான் வஞ்சகன் இல்லை என்று எதைக் காட்டுவேன்?

நாராயணையாவின் நிலைமை அதுதான். 1910இல் மகன்களின் பாதுகாப்பைப் பெசன்டுக்கு எழுதிக் கொடுத்தவர், 1912இல் பிள்ளைகளைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட்டார். 1913இல் மதராஸ் உயர்நீதிமன்றம் தகப்பன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1914இல் லண்டன் பிரிவி கவுன்சில் அதைத் தள்ளியது. பையன்கள் திரும்பவில்லை. லெட்பீட்டரின் நடத்தை பற்றிய கசப்பான குற்றச்சாட்டுகளும் அந்த வழக்கில் இருந்தன, அவற்றை நீதிமன்றம் விசாரிக்க முடிந்தது, சாட்சி கேட்க முடிந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் ஆரம்பமான அந்த ஒரு வாக்கியத்தை, பையனின் ஆரா பற்றிய வாக்கியத்தை, எந்த நீதிமன்றத்தாலும் குறுக்கு விசாரணை செய்திருக்க முடியாது. பையன் நல்லவன் என்று சொன்ன வாக்கியம்தான் அது, பழி சொல்லவில்லை. இருந்தும் ஒரு வீட்டிலிருந்து பிள்ளைகளை எடுத்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது.

சூட்சும உடல் இல்லவே இல்லை என்று நான் நிரூபித்துவிடவில்லை. அப்படி நிரூபிக்கவும் முடியாது. தியானத்தில் உட்கார்ந்து இதயத்தில் சிவந்த தாமரையை நினைப்பவர் யாருக்கும் எந்தக் கணக்கும் காட்ட வேண்டியதில்லை. அந்தத் தாமரை அவருடையது, அது அவரைச் சாந்தப்படுத்தினால் போதும். கணக்கு தொடங்குவது அவர் கண்ணைத் திறந்து எதிரில் இருப்பவனைப் பார்த்து, “உனக்குள்ள இது இருக்கு” என்று சொல்லும்போது. அந்த நிமிடத்தில் அவர் இன்னொருவரின் வாழ்க்கைக்குள் காலெடுத்து வைக்கிறார். அப்போது முடிச்சுப் போட்ட சிட்டங்களை நீட்டிக் கேட்கும் உரிமை, அந்தக் கண் இல்லாத நம் எல்லாருக்கும் உண்டு.